முகப் படங்களில் வெள்ளைச் சமநிலை: கண்ணின் வெள்ளையா, சாம்பல் அட்டையா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கண்ணின் வெள்ளை வெள்ளைதானே? லைட்ரூமில் அதன் மேல் ஒரு தரம் சொடுக்கினால் போதாதா?

போதாது. `White Balance Selector` என்ற சொட்டுக்குழாயால் ஓர் இடத்தைச் சொடுக்கும்போது, அந்த இடத்திலுள்ள சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அளவுகளும் சமமாகும் வரை மென்பொருள் படம் முழுவதன் நிறத்தையும் நகர்த்துகிறது. அந்தப் பொருளுக்குச் சொந்த நிறம் எதுவும் இல்லை, அங்கே தெரியும் சாயல் முழுவதும் வெளிச்சத்திலிருந்து வந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே பொருளுக்கு உண்மையிலேயே ஒரு நிறம் இருந்துவிட்டால், அந்த நிறத்தை வெளிச்சத்தின் கணக்கில் எழுதி, அதற்கு எதிரான நிறத்தை முகம், உடை, பின்னணி எல்லாவற்றிலும் பூசிவிடும்.

கண்ணின் வெள்ளைக்குச் சொந்த நிறம் உண்டு. அதன் மேலுள்ள மெல்லிய சவ்வில் நுண்ணிய இரத்த நாளங்கள் ஓடுவதால் பெரும்பாலான வளர்ந்தவர்களின் கண்ணில் சற்றுச் சிவப்பு இருக்கும். வயது ஏற ஏற மஞ்சள் சேரும். வெயிலிலும் காற்றிலும் பல ஆண்டுகள் உழைத்தவர்களிடம் இது கூடுதலாகத் தெரியும். நமது கரையோரத்து மீனவர்களிடமும் வயலில் நிற்பவர்களிடமும் கருவிழியின் இரு பக்கங்களிலும் மஞ்சள் தடிப்பையே காணலாம். கைக்குழந்தைகளின் கண் இதற்கு நேர்மாறானது. வெண்படலம் மிக மெல்லியதாக இருப்பதால் உள்ளே இருக்கும் கரிய படலம் ஊடுருவித் தெரிந்து, வெள்ளை நீலம் கலந்ததாகத் தோன்றும். இவை போதாதென்று, கண் ஈரமான, வளைந்த ஒரு பரப்பு. எதிரே நிற்கும் சுவரின் நிறமும் வானத்தின் நிறமும் அதில் பிரதிபலிக்கும். மேல் இமையும் இமைமயிரும் அதன் மேல் நிழல் போடும்.

பிழை எவ்வளவு பெரிதாக இருக்கும்? பார்ப்பவருக்குத் தெரியுமா?

நான் எடுத்த ஒரு படத்தையே கணக்கோடு சொல்கிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் வாவிப் பக்கமாக உள்ள ஒரு வீட்டின் விறாந்தையில், பின்னேரம் நான்கு மணியளவில், எழுபது வயதைத் தாண்டிய மீனவர் ஒருவரையும், அவருடைய மகளையும், எட்டு மாதப் பேரக்குழந்தையையும் ஒரே வரிசையில் இருத்தி எடுத்தேன். விறாந்தை கிழக்கைப் பார்த்தது. வெயில் வீட்டின் பின்புறத்தில் இருந்தது. ஆகவே மூவரின் முகத்திலும் விழுந்தது திறந்த வானத்தின் நீலங்கலந்த ஒளியும், வெளிர் பச்சை பூசிய பக்கச் சுவரிலிருந்து தெறித்த சிறிதளவு ஒளியுமே. படம் எடுப்பதற்கு முன் மகளின் கன்னத்தருகே, சொந்தச் சாயல் எதுவும் இல்லாத சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன்.

அட்டையைச் சொடுக்கியபோது, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நகர்த்தும் `Temp` 6500, பச்சைக்கும் ஊதாவுக்கும் இடையே நகர்த்தும் `Tint` +18 என்று வந்தது. நிழலின் நீலத்தையும் சுவரின் பச்சையையும் சரிக்கட்ட இவ்வளவு வேண்டும் என்பது இடத்தைப் பார்த்தவர்களுக்கு வியப்பாக இருக்காது. பிறகு, சோதித்துப் பார்ப்பதற்காக, அதே படத்தில் மூவரின் கண்களையும் தனித்தனியே சொடுக்கினேன். முதியவரின் கண் `Temp` 5150, `Tint` +14 என்றது. மகளின் கண் 6050, +16 என்றது. குழந்தையின் கண் 7000, +17 என்றது. ஒரே விறாந்தை, ஒரே நொடி, ஒரே வெளிச்சம். ஆனால் மூன்று கண்கள் மூன்று விடைகளைத் தந்தன, அவற்றுள் இரண்டுக்கிடையே 1850 கெல்வின் இடைவெளி.

முதியவரின் கண்ணை நம்பித் திருத்திய படத்தில் அவருடைய கண் பளிச்சென்று வெண்மையாக இருந்தது. ஆனால் வெயிலில் காய்ந்து செம்மை ஓடிய கறுத்த முகம் சாம்பல் பூத்து, உதடு ஊதா கலந்து, நோயில் கிடந்து எழுந்தவரைப் போல ஆகிவிட்டது. குழந்தையின் கண்ணை நம்பிய படத்தில் மூவரும் மஞ்சள் பூசிக் குளிக்கப் புறப்பட்டவர்களைப் போல இருந்தார்கள். மூன்று திருத்தங்களையும் அட்டையின் திருத்தத்தையும் அவர்களிடம் காட்டியபோது, எதைப் பற்றியும் நான் சொல்வதற்கு முன்பே, மகள் அட்டைப் படத்தைத் தொட்டு, "இதுதான் அப்பாட நிறம்" என்றார்.

அப்படியானால் கண்ணைப் பார்க்கவே கூடாதா?

பார்க்க வேண்டும், சொடுக்குவதற்காக அல்ல, சரிபார்ப்பதற்காக. அட்டையால் திருத்திய பிறகு அம்புக்குறியைக் கண்ணின் வெள்ளை மேல் வைத்தால், திரையின் மேற்பகுதியிலுள்ள வரைபடத்தின் கீழே மூன்று நிறங்களின் வீதம் தெரியும். மேலே சொன்ன படத்தில் முதியவரின் கண் சிவப்பு 60, பச்சை 55, நீலம் 51 என்றும், மகளின் கண் 66, 64, 63 என்றும், குழந்தையின் கண் 58, 59, 61 என்றும் இருந்தன. அதாவது, வளர்ந்த ஒருவரின் நலமான கண்ணில் சிவப்பு சற்று முன்னே நிற்க, நீலம் சற்றுப் பின்தங்கி நிற்பதே இயல்பு. வயதானவரிடம் அந்த இடைவெளி விரியும்; கைக்குழந்தையிடம் வரிசை தலைகீழாகும்.

இதிலிருந்து எனக்கு மிகவும் பயன்பட்ட விதி ஒன்று கிடைத்தது. வளர்ந்தவர் ஒருவரின் கண்ணில் மூன்று எண்களும் துல்லியமாகச் சமமாக இருந்தால், அந்தப் படம் பெரும்பாலும் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது. நீலம் சிவப்பை முந்திவிட்டால் ஐயமே வேண்டாம். பச்சை மற்ற இரண்டையும் முந்தினால் சுவரோ மரநிழலோ இன்னும் முகத்தில் மிஞ்சியிருக்கிறது, `Tint` அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

கண் அழற்சி உள்ளவர், காமாலை கண்டவர், இரவெல்லாம் விழித்திருந்தவர் ஆகியோரிடம் இந்தச் சரிபார்ப்பும் உதவாது. கலியாண வீட்டில் மணமகளின் கண் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் சேரும்.

அட்டையை எங்கே, எப்படிப் பிடிக்க வேண்டும்? மடியில் வைத்துக்கொண்டு எடுத்தால் சரிதானே?

சரியாக வராது. நான் பார்த்த அட்டைத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் நடக்கின்றன. அட்டை சொல்வது தன் மேல் விழும் வெளிச்சத்தின் நிறத்தை மட்டுமே. முகத்தில் விழும் வெளிச்சத்தை அது சொல்ல வேண்டுமானால் முகம் இருக்கும் இடத்தில், முகம் பார்க்கும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். சிவப்புக் காஞ்சிபுரம் சேலை உடுத்தவரின் மடியில் கிடக்கும் அட்டை சேலையின் சிவப்பைக் குடித்திருக்கும். அதைச் சொடுக்கினால் முகம் பச்சையும் நீலமும் கலந்த வெளிறலுக்குப் போகும்.

சாய்வும் அவ்வளவுக்கு முக்கியம். திறந்த விறாந்தையில் அட்டையை மேல்நோக்கிச் சாய்த்தால் அது வானத்தை வாங்கி நீலமாகும். கீழ்நோக்கிச் சாய்த்தால் சிவப்புச் சீமெந்துத் தரையை வாங்கிச் சிவக்கும். ஒரே அட்டையை ஒரே கையில் வைத்துக்கொண்டு, சாய்வை மட்டும் மாற்றி இரண்டு படம் எடுத்துச் சொடுக்கிப் பாருங்கள். சில நூறு கெல்வின் வித்தியாசத்தை நீங்களே காண்பீர்கள்.

ஆகவே படம் எடுக்கப்படுபவரையே அட்டையைத் தன் கன்னத்தோடு சேர்த்து, நாடிக்குச் சற்று மேலே, நெஞ்சுக்கு நேராக அல்லாமல் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் வருமானால், வெளிச்சம் வரும் திசைக்கும் கமராவுக்கும் நடுவே அட்டை பார்க்கட்டும்; வெளிச்சத்தை நேரே பார்த்தால் சிலவேளை மினுங்கும். அட்டையில் எங்காவது ஒரு பளபளப்புத் திட்டு தெரிந்தால் சாய்வைச் சற்று மாற்றுங்கள், ஏனென்றால் மினுக்கம் வேறோர் இடத்தின் நிறத்தைக் கொண்டுவரும். உங்கள் சொந்த உடையையும் மறந்துவிடாதீர்கள். ஒரு மீற்றர் தூரத்தில் மஞ்சள் சேட்டோடு நிற்கும் படப்பிடிப்பாளர் முகத்திலும் அட்டையிலும் ஒரு சுவரைப் போலவே நிறத்தைத் தெறிக்கச் செய்வார். நான் வேலைக்குப் போகும்போது கறுப்போ சாம்பலோ தவிர வேறு நிறம் உடுத்துவதில்லை.

அட்டைப் படத்தில் அட்டை கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அது மிகையாக வெளிறியிருக்கக் கூடாது. மூன்று நிறங்களில் ஒன்று உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்டாலும் கணக்குப் பிசகும். மூன்றும் 40 வீதத்துக்கும் 60 வீதத்துக்கும் இடையில் இருந்தால் மனநிறைவோடு சொடுக்கலாம்.

18 வீதச் சாம்பல் அட்டைதான் வேண்டுமா? வெள்ளைத் தாள், வெள்ளைச் சேட், வேட்டி எல்லாம் ஆகாதா?

18 வீதம் என்பது வெளிச்சத்தின் அளவைக் கணிப்பதற்கான எண். வெள்ளைச் சமநிலைக்கு வேண்டியது அட்டை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பதன்று, மூன்று நிறங்களையும் ஒரே அளவில் திருப்புகிறதா என்பதே. அந்தச் சமன் இருந்தால் வெளிர் சாம்பலும் ஆகும், கடும் சாம்பலும் ஆகும்.

வெள்ளைத் தாளில் அந்தச் சமன் இல்லை. அச்சுத் தாள்களில் ஒளிரூட்டி சேர்த்திருப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். பகல் வெளிச்சத்தில் அத்தாள் உண்மையில் நீலம் கலந்தது. அதைச் சொடுக்கினால் முகம் மஞ்சளாகும். சலவைத்தூளிலும் அதே ஒளிரூட்டி இருப்பதால் துவைத்த வெள்ளைச் சேட்டும் இப்படியே. வேட்டிக்கும் பள்ளிச் சீருடைக்கும் நாம் நீலம் போடும் வழக்கத்தைக் கொண்டவர்கள். கழுவிய கடைசித் தண்ணீரில் கரைத்த அந்த நீலம் படத்தில் அப்படியே எழுந்து வரும். கோயில் திருவிழாவில் வரிசையாக நிற்கும் வேட்டிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒன்றின் வெள்ளை மற்றொன்றின் வெள்ளையாக இருக்காது.

அட்டை வாங்க வழியில்லாதவர்களுக்கு நான் சொல்லும் மாற்று, ஹாட்வெயார் கடையில் கிடைக்கும், தண்ணீர்க் குழாயின் மரையில் சுற்றும் மெல்லிய வெள்ளை ரேப். அது பி.ரி.எஃப்.ஈ. என்ற பொருளால் ஆனது. ஆய்வுகூடங்களில் ஒளியை அளக்கும் வெண்மைத் தரங்களும் இதே பொருளைக் கொண்டே செய்யப்படுகின்றன. உள்ளே இருப்பது தெரியாத அளவுக்கு, பத்துச் சுற்றுக்குக் குறையாமல், ஒரு சிறிய மட்டையில் அடுக்கிச் சுற்றுங்கள். அது மிகவும் பிரகாசமானது என்பதால் அதை வைத்து எடுக்கும் ஒரு படத்தை மட்டும் ஒரு படி இருட்டாக எடுங்கள். அழுக்கானால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றலாம். கடற்காற்றில் காகித அட்டைகள் பூஞ்சணம் பிடித்துப் பழுப்பேறும் நமது ஊரில் இது சிறிய வசதியல்ல.

நெற்றியிலுள்ள திருநீற்றைச் சொடுக்கலாமா?

வேண்டாம். திருநீறு மெல்லியதாகப் பூசப்பட்ட பொடி; இடையிடையே தோலின் நிறம் தெரியும். சாம்பலும் எல்லா இடத்திலும் ஒரே நிறமல்ல, சிலவற்றில் சந்தன வாசனைப் பொடியின் மஞ்சள் கலந்திருக்கும். பல்லும் இதே காரணத்தால் ஆகாது.

மண்டபத்தில் ரியூப் லைற்றும் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்திருக்கின்றன. அட்டை வைத்தும் முகத்தின் ஒரு பாதி பச்சையாகவே இருக்கிறது. ஏன்?

அட்டை தரக்கூடியது ஒரே ஒரு விடையை. முகத்தின் இடப்பக்கத்தில் ஒரு வெளிச்சமும் வலப்பக்கத்தில் இன்னொரு வெளிச்சமும் விழும்போது அந்த ஒரு விடை இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வழியில்லை. அட்டையை ஜன்னல் பக்கம் திருப்பினால் ஒரு பாதி சரியாகும், விளக்கின் பக்கம் திருப்பினால் மறுபாதி சரியாகும். இதற்குக் கணினியில் மருந்து தேடுவதைவிட, வீட்டுக்காரரிடம் கேட்டு ரியூப் லைற்றை அணைத்துவிட்டு மணமகளை ஜன்னலருகே ஒரு மீற்றர் நகர்த்துவது மேல். அணைக்க முடியாத மண்டபமாக இருந்தால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இருத்துங்கள். முகத்தில் விழுவது விளக்கின் ஒளி ஒன்றாக மட்டும் இருக்கட்டும்.

விளக்கு ஒன்றாக இருந்தாலும் ஒரு பொறி உண்டு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால் பழைய வகை ரியூப் லைற் ஒரு வினாடியில் நூறு தடவை ஏறி இறங்குகிறது, ஏறும்போது ஒரு நிறமும் இறங்கும்போது சற்று வேறு நிறமும் காட்டுகிறது. 1/500 வேகத்தில் அட்டையை எடுத்தால் அது அந்தத் துடிப்பின் ஒரு துண்டையே பிடிக்கும். அடுத்துவரும் முகப் படம் வேறொரு துண்டைப் பிடிக்கும். அட்டை சரியாக இருந்தும் வரிசையில் ஒரு படம் மஞ்சள், அடுத்த படம் பச்சை என்று மாறி மாறி வந்தால் இதுவே காரணம். வேகத்தை 1/100 அல்லது 1/50 ஆக இறக்கினால் முழுத் துடிப்பும் படத்துக்குள் வந்து நிறம் நிலைக்கும்.

மலிவான எல்.ஈ.டி. விளக்குகளின் கீழ் இன்னொரு குறை எஞ்சும். அட்டை துல்லியமான சாம்பலாக வந்த பிறகும் முகத்தின் செம்மை உயிரற்றுக் கிடக்கும், ஏனென்றால் அந்த விளக்கில் ஆழ்ந்த சிவப்பு ஒளியே போதுமான அளவு இல்லை. இல்லாத நிறத்தை வெள்ளைச் சமநிலையால் கொண்டுவர முடியாது.

கல்லடிக் கடற்கரையில் விடியலில் எடுத்தேன். அட்டையைச் சொடுக்கியதும் பொன்னிறம் முழுவதும் போய்விட்டது. அட்டை பிழையா?

அட்டை பிழையல்ல, அது தன் வேலையை முழுமையாகச் செய்துவிட்டது. விடியல் ஒளியின் மஞ்சளைக் கழித்துவிட்டால் எஞ்சுவது நண்பகலின் முகம்தான். இங்கே அட்டையின் விடையை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளுங்கள். அது 3600 என்று சொன்னால் `Temp` அளவை 4500 வரை மெதுவாக ஏற்றி, கண்ணின் வெள்ளை மெல்லிய வெண்ணெய் நிறத்தைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். `Tint` அளவை அட்டை சொன்னபடியே விட்டுவிடுங்கள். மஞ்சளான முகத்தைக் கண் இரசிக்கும். பச்சையும் ஊதாவும் ஏறிய முகத்தை எந்த வேளையிலும் பொறுக்காது.

நமது கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடலைப் பார்த்து நிற்பவரின் முகத்தில் வெயிலும், கடலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் மேற்கு வானத்தின் நீலமும் விழும். ஆளைத் திருப்பி நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அட்டைப் படமும் புதிதாக வேண்டும். ஒரே திசையில் நின்றாலும் விடியலில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று எடுங்கள், ஒளி அவ்வளவு விரைவாக மாறுகிறது.

அட்டை எடுக்கவில்லை, ஜேபெக் கோப்பு மட்டும்தான் இருக்கிறது, வெள்ளை என்று சொல்லக் கண் மட்டும்தான் உண்டு. இப்போது என்ன செய்வது?

கண்ணைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதன் குறையை அறிந்து பயன்படுத்துங்கள். படத்தில் பலர் இருந்தால் இளவயதினரான, நலமான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முதியவரையும் கைக்குழந்தையையும் விட்டுவிடுங்கள். முழு அளவுக்குப் பெரிதாக்கி, வெளிச்சம் வரும் பக்கத்துக் கண்ணில், கருவிழிக்கும் வெளிக்கோடிக்கும் நடுவே, நரம்பு ஓடாத, மேல் இமையின் நிழல் விழாத, மினுக்கம் இல்லாத ஒரு திட்டைத் தேடுங்கள். மூக்குப் பக்கத்து மூலை எப்போதும் சிவந்திருக்கும், அதைத் தொட வேண்டாம். அத்திட்டில் நான்கைந்து இடங்களைச் சொடுக்கி, வரும் எண்களை எழுதி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த எண்ணிலிருந்து படத்தைச் சற்றுச் சூடாக்குங்கள். கண்ணின் சொந்த மஞ்சளை மென்பொருள் கழித்திருக்கும், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரோ கோப்பாக இருந்தால் 300 முதல் 500 கெல்வின் வரை ஏற்றலாம். ஜேபெக்கில் லைட்ரூம் கெல்வினைக் காட்டாது, -100 முதல் +100 வரையான அளவையே காட்டும். அதில் 4, 5 புள்ளிகள் போதும். கண்ணின் எண்களில் சிவப்பு முதலும் நீலம் கடைசியும் என்ற வரிசை திரும்பியதும் நிறுத்திவிட்டு, கழுத்தையும் காதோரத்தையும் பாருங்கள். பவுடர் படாத அந்தத் தோலில் சாம்பல் பூத்திருந்தால் இன்னும் சற்று ஏற்றுங்கள். ஜேபெக்கில் கமரா முன்பே நிறங்களைச் சுருக்கி எழுதிவிட்டதால் பெரிய பிழைகள் முழுமையாகத் திரும்பி வராது. நெற்றி சரியாக வந்து நாடியின் நிழல் மட்டும் நீலமாகவே நின்றால், அதற்கு மேல் இழுக்காமல் அந்த நிழலின் நிறச்செறிவை மட்டும் தூரிகையால் குறையுங்கள்.